கணினி அறிவியல் இளநிலைப் படிப்புக்கான விண்ணப்ப விளக்கம்

எங்கள் ஊர் நூலகத்தின் பதிவேட்டைக் கணினியில் ஏற்றி, தலைப்பைத் தட்டினால் புத்தகம் இருக்கும் அலமாரியைக் காட்டும் சிறு நிரலை பிளஸ் ஒன் விடுமுறையில் எழுதினேன். வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. நூலகருக்குத் தேவைப்பட்டது, நான் படித்துக்கொண்டேன்.

‘சோழர்’ என்று தேடினால் சில புத்தகங்கள் வந்தன, சில வரவில்லை. திரையில் இரண்டும் ஒரே எழுத்துதான். எழுத்துகளை எண்களாக அச்சிட்டுப் பார்த்தபோது காரணம் புரிந்தது. ‘சோ’வில் உள்ள ஓகாரக் குறி சில பதிவுகளில் U+0BCB என்ற ஒரே குறியீடாகவும், சிலவற்றில் U+0BC7, U+0BBE என இரண்டாகவும் இருந்தது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. பதிவையும் தேடுசொல்லையும் NFC வடிவத்துக்கு மாற்றிய பிறகு எல்லாம் கிடைத்தன.

அப்புறம் அகரவரிசை. யூனிகோட் எண் வரிசையில் ‘ன’ எழுத்து ‘ந’வுக்கு அடுத்தே வந்துவிடுகிறது, நம் வரிசையிலோ அது மெய்களில் கடைசி. அதனால் எழுத்துகளுக்கு நானே வரிசை எண் கொடுத்து, அதை வைத்து ஒப்பிட்டேன். நூலகர் இன்றும் அந்தப் பட்டியலைத்தான் பயன்படுத்துகிறார்.

இப்போது ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று தட்டினாலும் கண்டுபிடிக்க வைக்கப் பார்க்கிறேன். ஒவ்வொரு தலைப்போடும் ஒப்பிட்டால் வேலை நடக்கிறது, ஆனால் மெதுவாக. பட்டியல் பல மடங்கு பெருகினாலும் வேகம் குறையாத வழியைத் தரவுக் கட்டமைப்பு, வழிமுறைப் பாடங்களில் முறையாகக் கற்க விரும்புகிறேன்.