பொருள்: வலது மணிக்கட்டு எக்ஸ்ரே – ஆபரேஷனா, மாவுக்கட்டா என்று உங்கள் கருத்து வேண்டும்

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் செல்வம். மூன்று வருடம் முன்னால் அம்மா வாசலில் வழுக்கி விழுந்து கை உடைந்தபோது உங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள்தான் மாவுக்கட்டு போட்டுச் சரி பண்ணினீர்கள். அம்மா இப்போது அந்தக் கையால்தான் குடம் தூக்குகிறார். அந்த நம்பிக்கையில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் இங்கே கட்டுமான வேலையில் கம்பி கட்டுகிறேன். வயது 31. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. வலது கைக்காரன். சிகரெட் ஒரு நாளைக்கு ஐந்தாறு இருந்தது. எலும்பு கூட அது தடை என்று இங்குள்ள டாக்டர் சொன்னதால் மூன்று நாளாகத் தொடவில்லை.

மார்ச் 3ஆம் தேதி ஏணியின் மூன்றாவது படியிலிருந்து கால் தவறி விழுந்தேன். உள்ளங்கையைத் தரையில் ஊன்றித்தான் விழுந்தேன், உடம்பு பாரம் முழுக்க அதில் இறங்கியது. அன்றே எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் தெரியவில்லை, சுளுக்குதான் என்று சொல்லி பேண்டேஜும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். ஐந்து நாள் ஓய்வு. அப்புறம் வேலைக்குப் போய்விட்டேன்.

அங்கேதான் தப்பு பண்ணிவிட்டேனோ என்று மனது அடித்துக்கொள்கிறது ஐயா. வீக்கம் வடிந்தது, வலி போகவில்லை. கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டின் மேல்புறம் ஒரு குழி விழும் இல்லையா, அதை அழுத்தினால் உயிர் போகிறது. கட்டுக்கம்பியை முறுக்கும்போது பிடி தளர்ந்துவிடும். டீ டம்ளரைக்கூட இடது கையில்தான் பிடித்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே சமாளித்தேன்.

24ஆம் தேதி வேறு டாக்டரிடம் காட்டினேன். அவர் அந்தக் குழியை அழுத்திப் பார்த்ததுமே ஸ்கேஃபாய்டு எலும்பாக இருக்கும் என்றார். மறுபடி எக்ஸ்ரே எடுத்ததில் அந்த எலும்பின் நடுவில் கோடு தெரிகிறது. விழுந்த அன்று எடுக்கும் படத்தில் இந்த முறிவு தெரியாமல் போவது உண்டு, வலி இருந்தால் பத்துப் பதினான்கு நாளில் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார். முதலில் பார்த்த இடத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை.

இப்போது கட்டைவிரலையும் சேர்த்து அரைக்கட்டு போட்டிருக்கிறது. இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, முழு மாவுக்கட்டு போட்டு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் இருப்பது. இல்லையென்றால் சின்ன ஆபரேஷனில் உள்ளே ஸ்க்ரூ வைப்பது. இந்த எலும்புக்கு ரத்தம் ஒரு பக்கத்திலிருந்துதான் அதிகம் போகிறது, கூடாமல் விட்டால் ஒரு துண்டு செத்துப்போகலாம் என்றும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை. எனக்குக் கைதானே ஐயா எல்லாம்.

இத்துடன் ஐந்து படங்கள் அனுப்பியிருக்கிறேன். `mar03-1.jpg`, `mar03-2.jpg` இரண்டும் விழுந்த அன்று எடுத்தவை. `mar24-1.jpg` நேர்ப்படம், `mar24-2.jpg` பக்கவாட்டுப் படம், `mar24-3.jpg` கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து எடுத்தது. கடைசிப் படத்தில்தான் கோடு நன்றாகத் தெரிகிறது. ஃபிலிமை போனில் படம் பிடித்தால் வெளிச்சம் அடித்து மங்குகிறது என்பதால், ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய சி.டி. டிஸ்க்கிலிருந்தே எடுத்திருக்கிறேன். முழு ஃபைல் `wrist.zip` என்று தனியாக இருக்கிறது, அதில் பெரிதாக்கிப் பார்க்கலாம். ரிப்போர்ட்டையும் சேர்த்திருக்கிறேன். எலும்பு விலகவில்லை என்று அதில் போட்டிருக்கிறது.

நான் உங்களிடம் கேட்பது இதுதான். உண்மையிலேயே விலகல் இல்லையா? மூன்று வாரம் கட்டாமல் வேலை செய்த கைக்கு இனி மாவுக்கட்டு மட்டும் போதுமா, ஸ்க்ரூதான் நல்லதா? முடிவு எடுக்கும் முன் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லலாமா? ஆபரேஷன் என்றால் இங்கேயே செய்துகொள்ளலாமா, கட்டோடு ஊருக்கு வந்து உங்களிடம் காட்டும்வரை தாங்குமா?

படத்தை மட்டும் வைத்து முழுசாகச் சொல்ல முடியாது என்று தெரியும். கையைத் தொட்டுப் பார்த்தால்தான் ஆகும் என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள், லீவு கேட்டுக் கிளம்புகிறேன். வரும் 31ஆம் தேதி இங்குள்ள டாக்டரிடம் முடிவு சொல்ல வேண்டும். அதற்குள் இரண்டு வரி எழுதினால் போதும். பேச வேண்டும் என்றால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் எப்போதும் போனை எடுப்பேன். உங்கள் ஃபீஸை என் தம்பி கிளினிக்கில் வந்து கட்டிவிடுவான்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை ஐயா. அவர் மாத்திரை வாங்க வந்தால் தயவுசெய்து இதைப் பற்றிப் பேச வேண்டாம். என்ன செய்வது என்று தெரிந்த பிறகு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இடது கையால் அடிக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
செல்வம்