மைட்டாசிஸ், மியாசிஸ்: நிலைகள், குரோமோசோம் எண்ணிக்கை, வரைந்து பழக வேண்டிய படங்கள்

வெள்ளிக்கிழமைத் தேர்வுக்கான திருப்புதல் தாள்

போன மாதத் தாள்களைத் திருத்தும்போது ஒன்று தெரிந்தது. நிலைகளின் பெயர்கள் எல்லாருக்கும் வரிசையாக வருகின்றன. மதிப்பெண் போவது எண்ணிக்கையில்தான். அனாஃபேஸில் எத்தனை குரோமோசோம் என்று கேட்டால் பாதிப் பேர் தடுமாறிவிட்டீர்கள். அதனால் முதலில் ஒரே ஒரு விதி:

சென்ட்ரோமியர் எத்தனையோ, குரோமோசோம் அத்தனை.

X வடிவில் இருக்கும் குரோமோசோமில் இரண்டு குரோமாட்டிடுகள் உண்டு. ஆனால் சென்ட்ரோமியரில் அவை ஒட்டியிருக்கும் வரை அது ஒன்றுதான். சென்ட்ரோமியர் பிரிந்த கணமே இரண்டு. இடைநிலையின் S கட்டத்தில் டி.என்.ஏ. இரட்டிப்பானாலும் குரோமோசோம் எண்ணிக்கை ஏன் மாறுவதில்லை என்பதற்கும் இதே பதில்தான்.

கீழே உள்ள அட்டவணை முழுவதும் 2n = 4 என்ற செல்லுக்கானது. ஒரு நீளமான இணை, ஒரு குட்டையான இணை. தேர்வில் படம் வரையவும் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

| நிலை | மைட்டாசிஸ் | மியாசிஸ் I | மியாசிஸ் II (ஒரு செல்லில்) |
|---|---|---|---|
| புரோஃபேஸ் | குரோமோசோம்கள் சுருங்கித் தடிக்கின்றன, இணை சேர்வதில்லை. 4 குரோமோசோம், 8 குரோமாட்டிட் | ஒத்திசைவு குரோமோசோம்கள் இணை சேர்கின்றன, குறுக்கேற்றம் நடக்கிறது. 4 குரோமோசோம், 8 குரோமாட்டிட், 2 இணைகள் | புதிய கதிர்கோல் இழைகள் உருவாகின்றன. 2 குரோமோசோம், 4 குரோமாட்டிட் |
| மெட்டாஃபேஸ் | நடுத்தளத்தில் ஒற்றை வரிசை. 4, 8 | நடுத்தளத்தில் இணை இணையாக. 4, 8 | நடுத்தளத்தில் ஒற்றை வரிசை. 2; 4 |
| அனாஃபேஸ் | சென்ட்ரோமியர் பிரிகிறது. சகோதரி குரோமாட்டிடுகள் விலகுகின்றன. 8 குரோமோசோம் (4 + 4) | சென்ட்ரோமியர் பிரிவதில்லை. இணைகள் மட்டும் விலகுகின்றன. 4 குரோமோசோம் (2 + 2), 8 குரோமாட்டிட் | சென்ட்ரோமியர் பிரிகிறது. 4 குரோமோசோம் (2 + 2) |
| டீலோஃபேஸ் | 2 உட்கருக்கள். ஒவ்வொன்றிலும் 4 | 2 உட்கருக்கள். ஒவ்வொன்றிலும் 2 (4 குரோமாட்டிட்) | 2 உட்கருக்கள். ஒவ்வொன்றிலும் 2 |
| முடிவில் | 2 செல்கள், 2n | 2 செல்கள், n | மொத்தம் 4 செல்கள், n |

அட்டவணையில் அனாஃபேஸ் வரியை மட்டும் குறுக்காக மூன்று முறை படியுங்கள். மைட்டாசிஸுக்கும் மியாசிஸுக்கும் உள்ள வேறுபாடு முழுக்க அந்த வரியில் இருக்கிறது. மியாசிஸ் II வேலை செய்யும் விதம் மைட்டாசிஸைப் போலவே. தொடங்கும் எண்ணிக்கைதான் பாதி. எண்ணிக்கை பாதியாவது மியாசிஸ் I-ல். மியாசிஸ் II-ல் என்று எழுதினால் அந்த வினா முழுக்கத் தவறாகிவிடும்.

மியாசிஸ் I-க்கும் II-க்கும் நடுவே டி.என்.ஏ. இரட்டிப்பாவதில்லை. இதை ஒரு வரியாக விடையில் சேருங்கள்.

மனிதச் செல்லைக் கேட்டால் 2n = 46. மைட்டாசிஸ் மெட்டாஃபேஸில் 46 குரோமோசோம், 92 குரோமாட்டிட். அனாஃபேஸில் 92 குரோமோசோம். அனாஃபேஸ் I-ல் மொத்தம் 46, ஒரு துருவத்துக்கு 23. கேமீட்டில் 23.

படங்கள்

பென்சிலில் வரையுங்கள். தாயிடமிருந்து வந்த குரோமோசோமை வெறும் கோடாக விடுங்கள், தந்தையிடமிருந்து வந்ததை நிழலடியுங்கள். கீழே பெரிய X நீளமானது, சிறிய x குட்டையானது, மேற்குறி போட்டது நிழலடிக்க வேண்டியது. o என்பது துருவம்.

படம் 1. மைட்டாசிஸ், மெட்டாஃபேஸ்

```
     /  X  \
o   --  X' --   o
    --  x  --
     \  x' /
```

நான்கும் ஒன்றன்கீழ் ஒன்று. ஒவ்வொரு சென்ட்ரோமியருக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் இழை வர வேண்டும்.

படம் 2. மைட்டாசிஸ், அனாஃபேஸ்

```
    <       >
o   <'      >'   o
    <       >
    <'      >'
```

இங்கே இனி X கிடையாது, V தான். V-யின் கூர்முனைதான் சென்ட்ரோமியர். அதைத்தான் இழை இழுக்கிறது. அதனால் கூர்முனை துருவத்தைப் பார்த்தும் கைகள் பின்னால் தொங்கியும் இருக்கும். இதைத் திருப்பி வரைந்த தாள்கள் நிறைய வந்தன. மேலிருக்கும் இரண்டு V-களை நீளமாகவும் கீழிருக்கும் இரண்டைக் குட்டையாகவும் வரையுங்கள்.

படம் 3. மெட்டாஃபேஸ் I

```
     /  X   X'  \
o                  o
     \  x'  x   /
```

ஒற்றை வரிசை இல்லை, இரட்டை வரிசை. ஒரு குரோமோசோமுக்கு ஒரு பக்கத் துருவத்திலிருந்து மட்டும்தான் இழை. குட்டை இணையை வேண்டுமென்றே மாற்றி வைத்திருக்கிறேன், பாருங்கள்: நிழலடித்தது இடப்பக்கம் வந்துவிட்டது. எந்த இணை எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்பதற்குக் கட்டாயம் எதுவும் இல்லை. இரண்டு இணைகளுக்கே 4 விதமான சேர்க்கைகள் வரும். மனிதனின் 23 இணைகளுக்கு 2²³, அதாவது 83,88,608. இது குறுக்கேற்றத்தைக் கணக்கில் எடுக்காமலே வரும் எண்.

படம் 4. அனாஃபேஸ் I

```
o   X          X'   o
    x'         x
```

X இன்னும் X ஆகவே போகிறது. படம் 2-ஐயும் இதையும் அடுத்தடுத்து ஐந்து தடவை வரைந்து பாருங்கள், அப்புறம் கை தானாகப் பிரித்து வரையும். குறுக்கேற்றம் நடந்ததைக் காட்ட, வெற்று X-இன் ஒரு கையின் நுனியை மட்டும் நிழலடியுங்கள். அதன் இணையின் ஒரு கைநுனியை அதே அளவுக்கு வெறுமையாக விடுங்கள். இரண்டு கைகளிலும் செய்யாதீர்கள், மாற்றிக்கொள்வது இணையின் தலா ஒரு குரோமாட்டிட்தான்.

மெட்டாஃபேஸ் II, அனாஃபேஸ் II இரண்டுக்கும் தனிப்படம் தேவையில்லை. படம் 1, படம் 2-ஐ இரண்டு குரோமோசோமோடு, அருகருகே இரண்டு செல்லாக வரைந்தால் சரி.

விலங்குச் செல் என்றால் சென்ட்ரியோல்களைக் காட்டி, டீலோஃபேஸில் நடுவே உள்வாங்கிய பள்ளம் போடுங்கள். உயர் தாவரச் செல்லில் சென்ட்ரியோல் கிடையாது. நடுவே செல் தட்டு வரும். பெயர் குறிக்கும் கோடுகளை அளவுகோல் வைத்துப் போடுங்கள், ஒன்றையொன்று வெட்டக்கூடாது.

எழுதிப் பார்க்க

ஒரு செல்லில் 2n = 6. (அ) மைட்டாசிஸ் அனாஃபேஸில் எத்தனை குரோமோசோம்? (ஆ) மெட்டாஃபேஸ் I-ல் எத்தனை குரோமோசோம், எத்தனை இணை, எத்தனை குரோமாட்டிட்? (இ) டீலோஃபேஸ் I முடிந்ததும் ஒரு உட்கருவில்? (ஈ) அனாஃபேஸ் II-ல் ஒரு செல்லில்?

விடைகள்: (அ) 12. (ஆ) 6 குரோமோசோம், 3 இணை, 12 குரோமாட்டிட். (இ) 3 குரோமோசோம், 6 குரோமாட்டிட். (ஈ) 6, துருவத்துக்கு 3.

நான்கில் எது தவறினாலும் அந்த நிலையின் படத்தை 2n = 6 வைத்து வரைந்து, சென்ட்ரோமியர்களை விரல் வைத்து எண்ணுங்கள். வியாழக்கிழமை வகுப்புக்கு அந்தப் படத்தோடு வாருங்கள்.