மணியின் தட்டு

வாசலில் உன் தட்டு இருக்கிறது, மணி
வாலாட்டும் சத்தம் கேட்காது இனி
காசிமேட்டு உப்புக்காற்று கதவை ஆட்டும்
கால் தானாய் எழுந்துபோய் எட்டிப் பார்க்கும்

மழை ராத்திரியில் மீன்கூடைக்குள்
நடுங்கிக் கிடந்தாய் ஒரு கையளவாய்
"இன்றைக்கு மட்டும் இருக்கட்டும்" என்றாள் அம்மா
13 வருஷம் இருந்தாய் எங்களோடு

தடைக்காலம் 61 நாள், படகெல்லாம் கரையில்
அப்பா விடிந்தும் தூங்குவார் பாயில்
நீ மட்டும் இருட்டோடு எழுந்து போவாய்
ஏலம் நடக்காத மேடையில் உட்கார்வாய்
சங்கரா மீன் தலை கிடைக்குமென்றுதான்
கடல்மேல் ஆசையென்று சொல்லமாட்டேன் நான்

வாசலில் உன் தட்டு இருக்கிறது, மணி
வாலாட்டும் சத்தம் கேட்காது இனி

சிறுநீரகம் ஓய்ந்துவிட்டது என்றார் டாக்டர்
நாலு நாள் குளுக்கோஸ் ஏறியது காலில்
அப்புறம் தண்ணீருக்கும் முகம் திருப்பினாய்
வீட்டுக்குப் போகலாம் என்று தூக்கி வந்தேன்
கல்மண்டபம் தாண்டும்போது மூச்சு நின்றது
ஆட்டோக்கார அண்ணன் ஓரம் கட்டினார்
ஒன்றும் பேசவில்லை
மீட்டரை மட்டும் அணைத்தார்

எதிர்வீட்டுச் சின்னது கேட்டாள், "மணி எங்கே?"
"செத்துப்போச்சும்மா" என்றேன்
கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்

அம்மா இன்னும் ஒரு பிடி அரிசி கூடப் போடுகிறாள்
மிஞ்சுவதைத் தெருமுனைக் கறுப்பிக்கு வைக்கிறாள்
வாழையிலைத் துண்டில்தான் வைக்கிறாள், மணி
உன் தட்டைக் கழுவி வாசலிலேயே கவிழ்க்கிறாள்