மறைந்த சு. அழகர்சாமி அவர்களின் வைப்புத் தொகையை நாமினிக்கு வழங்கக் கோரி

கோவில்பட்டி,
8 ஜூன் 2026.

அனுப்புநர்:
அ. முத்துலட்சுமி (நாமினி),
மறைந்த சு. அழகர்சாமியின் மூத்த மகள்,
வேலாயுதபுரம், கோவில்பட்டி.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
வங்கிக் கிளை, கோவில்பட்டி.

நகல்: வட்டார மேலாளர், வங்கியின் முதன்மைக் குறைதீர் அலுவலர்.

பொருள்: மறைந்த சு. அழகர்சாமி பெயரில் உள்ள நிரந்தர வைப்பு (ரசீது எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 4471, முழு எண் இணைத்துள்ள நகலில்) – நாமினி அ. முத்துலட்சுமிக்குத் தொகை வழங்கவும் தாமதத்துக்கு இழப்பீடு வழங்கவும் கோருதல்.

பார்வை: 6.4.2026 அன்று நான் கொடுத்த கோரிக்கைப் படிவமும் அதற்குக் கிளை முத்திரையுடன் தந்த ஒப்புகையும்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் அப்பா சு. அழகர்சாமி இந்த ஆண்டு ஜனவரி 18-ஆம் தேதி காலமானார். அவருக்கு வயது 74. நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எட்டயபுரம் ரோட்டில் இருந்த ஐந்து சென்ட் இடத்தை விற்று, அதில் 6,00,000 ரூபாயை 2.3.2024 அன்று உங்கள் கிளையில் இரண்டு வருட டெபாசிட்டாகப் போட்டார். வட்டி 7.25 சதவீதம், காலாண்டுக்கு ஒரு முறை அசலோடு சேர்வது. முதிர்வுத் தேதி 2.3.2026. முதிர்வுத் தொகை 6,92,724 ரூபாய் என்று ரசீதிலேயே அச்சாகியிருக்கிறது.

அதே ரசீதில் கீழே இன்னொரு வரியும் இருக்கிறது. நாமினி பதிவு செய்யப்பட்டது, பெயர் முத்துலட்சுமி, உறவு மகள். நான் இந்தக் கடிதத்தை எழுதுவதே அந்த ஒரு வரியை வைத்துத்தான். அப்பா அந்த ரசீதை மருந்துச் சீட்டுகளோடு ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். என் பெயர் இருக்கும் வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். தனக்குப் பிறகு யார் போய் நிற்க வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை.

அப்பா இறந்து 78 நாள் கழித்து, ஏப்ரல் 6-ஆம் தேதி, நான் உங்கள் கிளைக்கு வந்தேன். காரியம், வீட்டு வேலை, அம்மாவின் உடல்நிலை என்று அதுவரை வர முடியவில்லை. அந்தத் தாமதம் எங்களுடையது, அதற்கு நான் எதுவும் கேட்கவில்லை. அன்று கொடுத்தவை: நிரப்பிய கோரிக்கைப் படிவம், அசல் வைப்பு ரசீது, இறப்புச் சான்றிதழ், என் ஆதார், என் பான் அட்டை, உங்கள் கிளையிலேயே உள்ள என் சேமிப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல். எல்லாம் சரியாக இருக்கிறது, பத்து நாளில் வந்துவிடும் என்று கவுன்டரில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது இது. ஏப்ரல் 17-ஆம் தேதி போன் செய்து வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காகத் தாலுகா அலுவலகத்தில் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்ததால், ஏன் எதற்கு என்று கேட்காமல் 24-ஆம் தேதி கொண்டுவந்து கொடுத்தேன். கொடுத்தது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. அந்தச் சான்றிதழில் அம்மா, நான், தம்பி, தங்கை என்று நான்கு பெயர் இருப்பதைப் பார்த்ததும்தான் அடுத்த கேள்வி பிறந்தது. மே 5-ஆம் தேதி, மற்ற மூவரிடமும் முத்திரைத் தாளில் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி வரச் சொன்னீர்கள். தம்பி செல்வக்குமார் குவைத்தில் டிரைவராக இருக்கிறான். அவன் நேரில் வர வேண்டும், இல்லாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்ப வேண்டும் என்றீர்கள். மே 22-ஆம் தேதி இன்னும் இரண்டு சேர்ந்தன: ஈட்டுறுதிப் பத்திரம், சொத்து உள்ள இரண்டு ஜாமீன்தாரர்கள். ஜூன் 1-ஆம் தேதி வந்து கேட்டபோது, தலைமை அலுவலக அனுமதிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது, காகிதம் முழுமையாகாமல் அனுப்ப முடியாது என்று பதில் கிடைத்தது. இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் எழுத்தில் தரவில்லை.

இதே கிளையில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வைத்திருந்த சேமிப்புக் கணக்கு ஒன்று இருந்தது. இருவரில் எவராவது அல்லது உயிரோடு இருப்பவர் எடுக்கலாம் என்ற ஏற்பாடு. அதற்கு இறப்புச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு நான்கே நாளில் அம்மா பெயருக்கு மாற்றிக் கொடுத்தீர்கள். அந்த அதிகாரிக்கு நாங்கள் இன்றும் நன்றியோடு இருக்கிறோம். அதே குடும்பம், அதே இறப்புச் சான்றிதழ். டெபாசிட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை படி?

ஜூன் 1-ஆம் தேதி நீங்கள் ஒரு காரணம் சொன்னீர்கள்: "நாளைக்கு உங்க தம்பி வந்து எம் பங்கு எங்கேன்னு கேட்டா நாங்க என்னம்மா பண்றது?" நியாயமான பயம் போலத் தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்கான பதிலைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45ZA பிரிவின்படி, வைப்பாளர் இறந்ததும் மற்ற எவரையும் விலக்கி நாமினிக்குத்தான் அந்தத் தொகையைப் பெறும் உரிமை. நாமினியிடம் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு அத்தோடு தீர்கிறது. அடுத்த பிரிவான 45ZB, வைப்பாளர் அல்லாத வேறொருவர் எனக்கும் உரிமை உண்டு என்று அறிவிப்புக் கொடுத்தாலும் வங்கி அதை ஏற்கத் தேவையில்லை என்கிறது. நீதிமன்ற உத்தரவு வந்தால் மட்டும் கவனிக்க வேண்டும். இங்கே உத்தரவும் இல்லை, வழக்கும் இல்லை, ஆட்சேபணையும் இல்லை. தம்பி கேட்டால் அவன் என்னிடம்தான் கேட்பான். நாமினி என்பதால் பணம் முழுக்க எனக்கே சொந்தமாகிவிடாது, வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவள் நான் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அது எங்கள் வீட்டுக்குள் தீர்க்க வேண்டிய கணக்கு.

ரிசர்வ் வங்கி இதை 2005 ஜூன் 9-ஆம் தேதிச் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. நாமினி இருக்கும் கணக்குக்கு, தொகை எவ்வளவாக இருந்தாலும், வாரிசுரிமைச் சான்றிதழ், உயில் மெய்ப்பிப்பு, ஈட்டுறுதிப் பத்திரம், ஜாமீன் எதையும் வற்புறுத்தக் கூடாது. இறப்புக்கான சான்றும் நாமினியின் அடையாளமும் கிடைத்தால் 15 நாளில் முடிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 26 அன்று இறந்த வாடிக்கையாளர்களின் கோரிக்கைகளுக்கென்றே புதிய நெறிமுறைகளை வெளியிட்டு, 2026 மார்ச் 31-க்குள் எல்லா வங்கிகளும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. அதிலும் அதே 15 நாள்தான். வங்கியால் தாமதமானால் காரணத்தைக் கோரியவருக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதமான நாள்களுக்கு, நடப்பு வங்கி விகிதத்தோடு ஆண்டுக்கு 4 சதவீதம் சேர்த்து, அதற்குக் குறையாத வட்டியை இழப்பீடாகத் தர வேண்டும். நான் படிவம் கொடுத்தது ஏப்ரல் 6, அதாவது அந்தக் கெடு முடிந்த பிறகு.

15 நாள் ஏப்ரல் 21-ஆம் தேதியோடு முடிந்தது. 22-ஆம் தேதியிலிருந்து இன்றோடு 48 நாள். வங்கி விகிதத்தை விட்டுவிட்டு, அந்தக் கூடுதல் 4 சதவீதத்தை மட்டும் 6,92,724 ரூபாய்க்குப் போட்டாலே நாளொன்றுக்கு 76 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, 48 நாளுக்கு 3,644 ரூபாய். வங்கி விகிதத்தைச் சேர்த்த முழுக் கணக்கை நீங்களே போட்டு, கணக்குத் தாளோடு கொடுங்கள்.

இன்னொரு வட்டியும் இருக்கிறது. அப்பா இறந்தது முதிர்வுத் தேதிக்கு முன்னால், நாங்கள் கேட்டது அதற்குப் பின்னால். இப்படி இருந்தால் முதிர்வு வரை ஒப்புக்கொண்ட வட்டியும், அதற்குப் பிறகு பணம் உங்களிடம் இருந்த காலத்துக்கு முதிர்வு நாளன்று நடப்பில் இருந்த உரிய விகிதத்தில் தனி வட்டியும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் வைப்பு வட்டி விதி. கவுன்டரில் சேமிப்புக் கணக்கு வட்டிதான் வரும் என்றார்கள். முதிர்வுக்குப் பிறகு வைப்பாளர் இறந்தால்தான் அந்த விதி. தேதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் சட்டம் பேசுவதற்கு எனக்கு ஆசை இல்லை. நான் தையல் வேலை செய்கிறவள். இந்தப் பிரிவு எண்களை எல்லாம் மே மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன். அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த பதினொரு நாளுக்காக அம்மா தன் நான்கு வளையல்களையும் உங்கள் கிளையில்தான் அடகு வைத்தார், 1,80,000 ரூபாய்க்கு. மே 22-ஆம் தேதி, இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும் என்று நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் படி இறங்கும்போது, நகைக் கடன் வட்டியைக் கட்டச் சொல்லி அம்மா போனுக்கு உங்கள் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. எங்கள் பணம் உங்களிடம் இருக்கிறது, உங்கள் கடனுக்கு எங்களுக்கு வட்டி ஏறுகிறது. அம்மா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஆகவே நான் கேட்பது: முதிர்வுத் தொகை 6,92,724 ரூபாயையும், 2.3.2026 முதல் பணம் தரும் நாள் வரையிலான வட்டியையும், 22.4.2026 முதலான தாமத இழப்பீட்டையும் என் சேமிப்புக் கணக்கில் வரவு வையுங்கள். ஈட்டுறுதிப் பத்திரம், ஜாமீன், ஆட்சேபணை இல்லாக் கடிதம் ஆகியவற்றைக் கேட்டதைத் திரும்பப் பெற்றதாக எழுத்தில் தெரிவியுங்கள். தர முடியாது என்பது உங்கள் முடிவாக இருந்தால், எந்த விதியின்படி என்று குறிப்பிட்டு அதையும் எழுத்தில் தாருங்கள்.

இந்தக் கடிதத்தை உங்கள் வங்கிக்கான முறையான புகாராகவும் பதிவு செய்து புகார் எண் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் போவேன். அங்கே போகாமல் இங்கேயே முடிந்தால் எல்லோருக்கும் நல்லது. அப்பா முப்பது வருடம் கணக்கு வைத்திருந்த கிளை இது.

இப்படிக்கு,
அ. முத்துலட்சுமி
(நாமினி)

இந்தத் தொகையை நாமினி முத்துலட்சுமியிடம் வழங்குவதில் எங்களுக்கு எந்த மறுப்பும் இல்லை. சட்டப்படி இது தேவையில்லை என்று தெரிந்தே, எங்கள் விருப்பத்தில் கையெழுத்திடுகிறோம்:

அ. கோமதி (மனைவி)
அ. ராஜேஸ்வரி (இளைய மகள், திருப்பூர்)
அ. செல்வக்குமார் (மகன், குவைத்; கையெழுத்திட்டு அனுப்பிய கடிதத்தின் அச்சுப் பிரதி இணைப்பில்)

இணைப்பு: வைப்பு ரசீதின் இரு பக்க நகல் (அசல் 6.4.2026 முதல் கிளையில் உள்ளது), இறப்புச் சான்றிதழ் நகல், நாமினியின் ஆதார், பான் நகல், 6.4.2026 தேதியிட்ட ஒப்புகையின் நகல், 22.5.2026 குறுஞ்செய்தியின் திரைப் பிரதி, செல்வக்குமாரின் கடிதம்.