தரக் கையேடு, இயல் 4: ஆவணக் கட்டுப்பாடு

புழுங்கலரிசி ஆலை, மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்
ஆவண எண்: த.கை-01 | வெளியீடு 3, திருத்தம் 2 | நடைமுறைக்கு வரும் நாள்: 03.02.2025

4.1 எதற்காக

ஆலையில் எந்த இடத்தில் எந்தத் தாளைப் பார்த்தாலும் அது இன்றைய தாளாக இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 9001:2015 தரநிலையின் 7.5 பிரிவு கேட்பதும் இதைத்தான். அந்தப் பதிப்பு தரக் கையேடு கட்டாயம் என்று சொல்லவில்லை. ஆனாலும் ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறும் இடத்தில் எல்லாம் ஒரே புத்தகத்தில் இருப்பது வசதி என்பதால் வைத்திருக்கிறோம்.

4.2 பதிப்பு எண்

முதல் எண் வெளியீடு, இரண்டாவது திருத்தம். இயந்திரமோ செய்முறையோ மாறி, கையேட்டை முழுதாகத் திருப்பி எழுதினால் வெளியீட்டு எண் கூடும். திருத்தம் மறுபடி 0 ஆகும். சில பக்கங்கள் மட்டும் மாறினால் திருத்த எண் கூடும். எழுத்துப் பிழையைச் சரிசெய்தாலும் திருத்தம்தான். ஒரே எண் போட்ட இரண்டு தாளில் இரண்டு விதமாக இருந்தால் எதை நம்புவது? கணினியில் கோப்பின் பெயர் `QM-01_V3_R2.pdf` என்ற முறையில் இருக்கும். பெயரில் `final`, `new` என்றெல்லாம் சேர்க்கக் கூடாது.

அவசரத்துக்குப் பேனாவால் திருத்தலாம். பழைய வரி படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் தர அலுவலர் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். அதை 7 நாளுக்குள் முறையான திருத்தமாக வெளியிட வேண்டும்.

4.3 ஒப்புதல்

| பொறுப்பு | பதவி | கையொப்பமிட்ட நாள் |
|---|---|---|
| தயாரித்தவர் | தர அலுவலர் | 27.01.2025 |
| சரிபார்த்தவர் | உற்பத்தி மேலாளர் | 29.01.2025 |
| ஒப்புதல் அளித்தவர் | நிர்வாகப் பங்குதாரர் | 31.01.2025 |

ஒருவரே இரண்டு கட்டத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. உற்பத்தி மேலாளர் விடுப்பில் இருந்தால் ஷிப்டு மேற்பார்வையாளர் சரிபார்க்கலாம். ஒப்புதலை மட்டும் யாரும் பதிலுக்குத் தர முடியாது. பங்குதாரர் ஊரில் இல்லையென்றால் வரும்வரை பழைய பதிப்பே செல்லும்.

4.4 திருத்த வரலாறு

| பதிப்பு | நாள் | மாற்றமும் காரணமும் |
|---|---|---|
| 1.0 | 02.05.2016 | முதல் வெளியீடு |
| 2.0 | 10.06.2019 | 2018 நவம்பர் கஜா புயலில் மின்சாரம் போனபோது தொட்டியில் ஊறிய நெல்லை என்ன செய்வது என்று கையேட்டில் இல்லை. மின்தடை இயல் சேர்ந்தது. செய்முறை இயல்கள் அதற்கேற்பத் திருப்பி எழுதப்பட்டன |
| 3.0 | 01.06.2022 | கலர் சார்ட்டர் வந்ததால் முழுதும் திருப்பி எழுதப்பட்டது |
| 3.1 | 12.12.2023 | மழையில் வரும் குறுவை நெல்லுக்குத் தனி ஈரப்பதப் பதிவேடு. பக்கம் 14, 15 |
| 3.2 | 03.02.2025 | சி.ஆர்.1009 போன்ற மோட்டா ரகத்துக்குத் தனி ஊறல் நேரம். சுவர்த் தாள்களும் வழங்கல் பட்டியலுக்குள் வந்தன. பக்கம் 9, 10, 22 |

"சில மாற்றங்கள் செய்யப்பட்டன" என்று எழுதினால் ஒப்புதல் கிடைக்காது. பக்கமும் காரணமும் வேண்டும்.

3.2 வந்த கதையைச் சொல்லிவிடுகிறோம். மோட்டா நெல்லுக்கு ஊறல் நேரத்தைக் கூட்டித் தர அலுவலர் ஜனவரியில் பேனாவால் திருத்தினார். புத்தகப் பிரதிகள் எல்லாவற்றிலும் திருத்தியாயிற்று. ஊறல் தொட்டிக்கு எதிர்ச் சுவரில் லேமினேட் செய்து ஒட்டிய தாள் மட்டும் பழையபடியே இருந்தது. இரவு ஷிப்டுக்காரர் அதைப் பார்த்துத்தான் தண்ணீரை வடித்தார். நடுவில் வெள்ளை விழுந்த அரிசி, அரைவையில் நொய். அவர் மேல் தவறில்லை. அந்தத் தாள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதைக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

4.5 வழங்கல் பட்டியல்

| பிரதி | இடம் | பொறுப்பு |
|---|---|---|
| 1 (மூலம்) | தர அறை | தர அலுவலர் |
| 2 | ஊறல் தொட்டி, பாய்லர் | பாய்லர் ஆபரேட்டர் |
| 2-அ | தொட்டிச் சுவர்த் தாள் | பாய்லர் ஆபரேட்டர் |
| 3 | நெல் இறக்கும் களம் | கள மேஸ்திரி |
| 4 | அரைவைக் கூடம் | ஷிப்டு மேற்பார்வையாளர் |
| 5 | குடோன், எடைமேடை | குடோன் பொறுப்பாளர் |

பழைய பிரதியைக் கையில் வாங்கிய பிறகே புதியதைத் தர வேண்டும்; பெறுபவர் பதிவேட்டில் கையெழுத்திடுவார். திரும்பிய பிரதிகளைக் கிழித்துப் பாய்லரில் போட்டுவிடலாம். பழைய மூலப் பிரதியை மட்டும் "காலாவதி" முத்திரையுடன் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

சிவப்பு முத்திரையும் பிரதி எண்ணும் இல்லாத தாளைப் பார்த்து வேலை செய்யக் கூடாது. போனில் எடுத்த படமும் அப்படியே. வாட்ஸ்அப்பில் போன பக்கத்தை யாராலும் திரும்ப வாங்க முடியாது. வியாபாரிகள் கேட்டால் "தகவலுக்கு மட்டும்" முத்திரையிட்டுக் கொடுக்கலாம்.

4.6 வெளியிலிருந்து வரும் ஆவணங்கள்

உணவுப் பாதுகாப்பு உரிமம், எடைமேடை முத்திரைச் சான்று, நெல் கொள்முதல் ஆணைகள் ஆகியவை தனிக் கோப்பில் இருக்கும். கொள்முதலுக்கு ஈரப்பத வரம்பு இத்தனை சதவீதம் என்று இருந்தாலும், மழை ஆண்டுகளில் ஒன்றிய அரசு அதைத் தளர்த்தியது உண்டு. ஆகவே அந்த எண்ணைக் கையேட்டில் அச்சிடுவதில்லை. நடப்பு ஆணையின் நகல் களத்தில் பிரதி 3 உடன் கோத்திருக்கும். தளர்வு முடிந்த அன்றே கள மேஸ்திரி அதைக் கழற்றித் தர அறையில் ஒப்படைப்பார்.