இயக்க விதிகள்: நெடுவினாக்களும் விடைகளும்

வினா 1. நிலைமம் என்றால் என்ன? நியூட்டனின் முதல் விதியைக் கூறி, அன்றாட நிகழ்வுகளைக் கொண்டு விளக்குக.

விடை: தன் ஓய்வு நிலையையோ சீரான நேர்க்கோட்டு இயக்கத்தையோ ஒரு பொருள் தானாக மாற்றிக்கொள்ள இயலாத பண்பே நிலைமம் எனப்படும். அதன் மீது செயல்படும் புறவிசைகளின் தொகுபயன் சுழியாக இருக்கும் வரை ஒவ்வொரு பொருளும் தன் ஓய்வு நிலையிலோ சீரான நேர்க்கோட்டு இயக்கத்திலோ தொடர்ந்து இருக்கும் என்பது முதல் விதி.

தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பொருள் நகரும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஒரு சாய்தளத்தில் இறங்கும் கோளம் எதிரே உள்ள சாய்தளத்தில் ஏறக்குறைய அதே உயரத்தை எட்டுவதையும், எதிர்த்தளத்தின் சாய்வைக் குறைத்தால் அந்த உயரத்தை எட்ட அது மேலும் நெடுந்தொலைவு செல்வதையும் கருதிய கலிலியோ, எதிர்த்தளம் கிடைமட்டமாகவும் உராய்வற்றதாகவும் இருந்தால் கோளம் நிற்கவே நிற்காது என்று முடிவு செய்தார். இக்கருத்தையே நியூட்டன் 1687-இல் தம் முதல் விதியாக அமைத்தார்.

ஓடும் பேருந்தில் திடீரெனப் பிரேக் போடும்போது பயணி முன்னோக்கிச் சாய்கிறார். அவர் முன்னோக்கித் தள்ளப்படுகிறார் என்று எழுதுவது பரவலான வழக்கம் என்றாலும், அவ்வாறு தள்ளும் விசை எதுவும் அங்கு இல்லை. இருக்கையின் உராய்வால் அவரது உடலின் கீழ்ப்பகுதி பேருந்துடன் சேர்ந்து வேகம் குறைகிறது. மேற்பகுதி பழைய வேகத்திலேயே செல்கிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்புறமாகச் சாய்வதற்கும், கம்பளத்தைத் தட்டினால் தூசி பிரிவதற்கும் காரணம் இதே நிலைமம்தான்.

வினா 2. நியூட்டனின் இரண்டாம் விதியிலிருந்து F = ma என்னும் சமன்பாட்டைத் தருவிக்க. கணத்தாக்கை விளக்கி, அதன் பயன்பாட்டைத் தக்க கணக்குடன் எழுதுக.

விடை: ஒரு பொருளின் உந்தம் மாறும் வீதம், அதன் மீது செயல்படும் தொகுபயன் விசைக்கு நேர்த்தகவில் இருக்கும், அம்மாற்றம் விசையின் திசையிலேயே நிகழும். m நிறையுள்ள பொருளின் திசைவேகம் t நேரத்தில் u-இலிருந்து v-ஆக மாறுகிறது எனக் கொள்வோம். தொடக்க உந்தம் mu, இறுதி உந்தம் mv. எனவே,

F ∝ (mv − mu)/t
F = k · m(v − u)/t = k · ma

ஒரு கிலோகிராம் நிறையுள்ள பொருளில் 1 மீ/வி² முடுக்கத்தை உண்டாக்கும் விசையே ஒரு நியூட்டன் என வரையறுப்பதால் k = 1 ஆகிறது; F = ma எனக் கிடைக்கிறது. நிறை மாறாதிருக்கும்போதுதான் இவ்வடிவம் பொருந்தும் என்பதைத் தருவிப்பின் இறுதியில் குறிப்பிடுதல் வேண்டும்.

F = (mv − mu)/t என்பதை Ft = mv − mu என மாற்றி எழுதினால், விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கி வரும் அளவு உந்த மாற்றத்திற்குச் சமம் எனத் தெரிகிறது. இப்பெருக்கற்பலனே கணத்தாக்கு. உந்த மாற்றம் குறிப்பிட்ட அளவாக இருக்கையில், நேரத்தை நீட்டினால் விசை குறையும். வாகனப் பாதுகாப்பு அமைப்புகள் பலவும் இதன் அடிப்படையில்தான் வடிவமைக்கப்படுகின்றன.

கணக்கு: 1200 கிகி நிறையுள்ள கார் மணிக்கு 72 கிமீ வேகத்தில் செல்கிறது. (அ) பிரேக் போட்டு 5 வினாடியில் நிறுத்தத் தேவையான விசையும் அதற்குள் கார் கடக்கும் தொலைவும் யாவை? (ஆ) அதே கார் சுவரில் மோதி 0.1 வினாடியில் நின்றால் சராசரி விசை எவ்வளவு?

தீர்வு: முதலில் வேகத்தை அலகு மாற்ற வேண்டும். 72 × 1000/3600 = 20 மீ/வி.

(அ) a = (0 − 20)/5 = −4 மீ/வி²
F = 1200 × (−4) = −4800 நியூட்டன்
s = ut + ½at² = 100 − 50 = 50 மீ

எதிர்க்குறி, விசை இயக்கத்திற்கு எதிராகச் செயல்படுவதைக் காட்டுகிறது.

(ஆ) F = 1200 × (0 − 20)/0.1 = −2,40,000 நியூட்டன்

இரு நிலைகளிலும் உந்த மாற்றம் ஒன்றுதான். நேரம் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கியதால் விசை ஐம்பது மடங்காகிவிட்டது. அக்காரில் 60 கிகி நிறையுள்ளவர் பயணித்தால் அவரது உந்தம் 1200 கிகி மீ/வி. இருக்கைப் பட்டையும் காற்றுப்பையும் அவரை 0.2 வினாடியில் நிறுத்தினால் சராசரி விசை 6000 நியூட்டன். இவையின்றி முன்பலகையில் மோதி 0.02 வினாடியில் நின்றால் 60,000 நியூட்டன். தலைக்கவசத்தின் உள்ளே உள்ள மென்பொதிவும், பந்தைப் பிடிப்பவர் கைகளைப் பின்னோக்கி இழுப்பதும் இவ்வாறே நிற்கும் நேரத்தை நீட்டுகின்றன.

பகுதி (அ)வில் வேகம் 40 மீ/வி ஆக இருந்து, பிரேக் விசை மாறாதிருந்தால், நிற்கும் தொலைவு 100 மீட்டர் அன்று, 200 மீட்டர் ஆகும்; v² = u² + 2as என்பதில் தொலைவு வேகத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் உள்ளது.

வினா 3. மூன்றாம் விதியைக் கூறி, அதிலிருந்து உந்த அழிவின்மை விதியை நிறுவுக. துப்பாக்கியின் பின்னியக்கத்தைக் கணக்கிட்டு, ராக்கெட் இயங்கும் முறையை விளக்குக.

விடை: ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான, எதிர்த்திசையிலான எதிர்விசை உண்டு. விசையும் எதிர்விசையும் வெவ்வேறு பொருள்களின் மீது செயல்படுவதால் அவை ஒன்றையொன்று சமன்செய்வதில்லை. மேசை மேல் உள்ள புத்தகத்தின் எடைக்கு எதிர்விசை, மேசை அதனை மேல்நோக்கித் தாங்கும் விசை அன்று; புத்தகம் புவியை ஈர்க்கும் விசையே ஆகும். இவ்விடத்தில்தான் மிகுதியான விடைகள் தடம் புரள்கின்றன.

m₁, m₂ நிறையுள்ள இரு பொருள்கள் t நேரம் மோதிக்கொள்வதாகக் கொள்க. புறவிசை ஏதும் இல்லையெனில், மூன்றாம் விதிப்படி,

m₁(v₁ − u₁)/t = −m₂(v₂ − u₂)/t
m₁u₁ + m₂u₂ = m₁v₁ + m₂v₂

மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் மாறாதிருக்கிறது என்பது நிறுவப்பட்டது.

4 கிகி நிறையுள்ள துப்பாக்கியிலிருந்து 20 கிராம் குண்டு 400 மீ/வி வேகத்தில் வெளியேறினால், தொடக்க உந்தம் சுழி என்பதால் 0 = 0.02 × 400 + 4V; V = −2 மீ/வி. உந்தங்கள் சமமாக இருந்தாலும் ஆற்றல்கள் அவ்வாறில்லை: குண்டின் இயக்க ஆற்றல் 1600 ஜூல், துப்பாக்கியினுடையது 8 ஜூல் மட்டுமே.

ராக்கெட் வெப்ப வாயுக்களைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அவ்வாயுக்கள் ராக்கெட்டை முன்னோக்கித் தள்ளுகின்றன. வெளியே உள்ள காற்றுக்கு இதில் பங்கில்லை என்பதால், வெற்றிடத்திலும் அது இயங்கும். வெற்றிடத்தில் உந்தித் தள்ள எதுவும் இல்லை எனக் கூறி, 1920-இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு அமெரிக்க ராக்கெட் ஆய்வாளர் ராபர்ட் காடர்டை எள்ளித் தலையங்கம் எழுதியது. அப்போலோ 11 நிலவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 1969 ஜூலையில் அதற்குத் திருத்தம் வெளியிட்டது.

வினா 4. மின்தூக்கியில் நிற்பவரின் தோற்ற எடை மாறுவதை விளக்குக.

விடை: எடைகாட்டும் கருவி காட்டுவது, தளம் நம்மை மேல்நோக்கித் தாங்கும் விசையான R-ஐ. முடுக்கம் மேல்நோக்கி இருந்தால் R − mg = ma; கீழ்நோக்கி இருந்தால் mg − R = ma. 50 கிகி நிறையுள்ளவருக்கு g = 10 மீ/வி² எனவும் a = 2 மீ/வி² எனவும் கொண்டால், முதல் நிலையில் R = 600 நியூட்டன், இரண்டாம் நிலையில் 400 நியூட்டன். சீரான வேகத்தில் ஏறினாலும் இறங்கினாலும் 500 நியூட்டன் மட்டுமே. தடையின்றி விழும்போது a = g ஆவதால் R சுழியாகிறது. ஏறக்குறைய 400 கிமீ உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பு தரைமட்ட அளவில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு இருந்தும் அங்குள்ளோர் மிதப்பதற்குக் காரணம், நிலையமும் அவர்களும் ஒரே முடுக்கத்தில் புவியை நோக்கி விழுந்துகொண்டே இருப்பதுதான்.