உறை உலர்த்தல்: தத்துவம், பதங்கமாதல் கட்டங்கள், பொருளின் தரம்

வினா 16: உறை உலர்த்தலின் தத்துவத்தை விளக்கி, அதன் கட்டங்களையும் அவை உணவின் தரத்தைப் பாதிக்கும் விதத்தையும் தகுந்த எடுத்துக்காட்டுடன் எழுதுக. (15 மதிப்பெண்கள்)

விடை:

பூஜை அலமாரியில் திறந்து வைத்த கற்பூரம் சில நாளில் சிறுத்துப்போகும், ஆனால் தட்டில் ஈரம் இருக்காது. திடப்பொருள் உருகாமலே நேராக ஆவியாவதுதான் பதங்கமாதல். உணவில் உள்ள நீரை முதலில் பனியாக உறைய வைத்து, அந்தப் பனியை இதே வழியில் வெளியேற்றுவது உறை உலர்த்தல். உலரும்போது எந்த இடத்திலும் திரவ நீர் தலைகாட்டக் கூடாது என்பதே இம்முறையின் உயிர். தரத்தில் கிடைக்கும் நன்மைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து வருகின்றன. நேரும் கேடுகளில் பலவும் இது தவறும்போதுதான்.

தத்துவம்

பனி, நீர், ஆவி மூன்றும் ஒருசேர நிலைத்திருக்கும் மும்மைப் புள்ளி நீருக்கு 0.01°C, 611 பாஸ்கல். நீராவியின் அழுத்தம் இதற்குக் கீழே இருந்தால், வெப்பம் கொடுத்தாலும் பனி நீராகாது, ஆவியாகத்தான் மாறும். இது தூய நீருக்கு. உணவில் உப்பும் சர்க்கரையும் கரைந்திருப்பதால் உறைநிலை இறங்கும். அதனால் நடைமுறையில் மும்மைப் புள்ளிக்கு நன்றாகக் கீழேயே வேலை செய்கிறோம்.

ஆவி நகர்வதற்கு அழுத்த வேறுபாடு வேண்டும். −20°C பனியின் ஆவி அழுத்தம் சுமார் 103 பாஸ்கல்; −50°C பனிக்கு சுமார் 4 பாஸ்கல் மட்டுமே. உணவிலுள்ள பனி −20°C-யிலும் கண்டென்சர் −50°C-யிலும் இருந்தால், ஆவி தானாகவே உணவை விட்டுக் கண்டென்சருக்குப் போய் அங்கே மறுபடி பனியாகப் படியும். வேக்யூம் பம்ப் காற்றை அகற்றி வழியைத் திறந்து வைக்கிறது. நீராவியைப் பிடிப்பது கண்டென்சரின் வேலை. 100 பாஸ்கலில் 1 கிலோ பனி ஏறக்குறைய 1,170 கனமீட்டர் ஆவியாக விரியும். அவ்வளவையும் பம்பே இழுக்க வேண்டுமென்றால் தாங்காது.

பதங்கமாதலின் உள்ளுறை வெப்பம் கிலோவுக்குச் சுமார் 2,840 கிலோஜூல். பனி உருகவும் பிறகு நீர் ஆவியாகவும் தேவைப்படும் வெப்பங்களின் கூட்டுத்தொகை இது. இதைத் தட்டு வழியே கொடுக்க வேண்டும், கண்டென்சரில் திரும்ப எடுக்கவும் வேண்டும். இம்முறை விலை உயர்ந்ததாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

கட்டங்கள்

முதலாவது உறைய வைத்தல். இதை வெறும் முன்வேலையாக நினைக்கக் கூடாது. பனிப் படிகம் இருந்த இடம்தான் பிறகு துளையாகிறது. மெதுவாக உறைந்தால் படிகம் பெரிதாகும், செல் சுவர் கிழியும். ஆனால் துளைகள் அகலமாக இருப்பதால் ஆவி எளிதாக வெளியேறும். வேகமாக உறைந்தால் திசு காப்பாற்றப்படும், உலர நேரம் கூடும். பழம், இறால் போன்ற திசுவுள்ள பொருளுக்கு வேக உறைதல் நல்லது. காபி டிகாஷன் போன்ற திரவத்துக்குச் செல் இல்லாததால் மெதுவாக உறைய வைப்பதில் குறையில்லை.

இரண்டாவது முதன்மை உலர்த்தல், அதாவது பதங்கமாதல் நடக்கும் கட்டம். பனி முகப்பு மேற்பரப்பில் தொடங்கி மெல்ல உள்ளே பின்வாங்குகிறது. அது விட்டுச்சென்ற உலர்ந்த அடுக்கு பஞ்சு மாதிரி துளைகள் நிறைந்தது. வெப்பம் இந்த அடுக்கைத் தாண்டி உள்ளே போக வேண்டும், ஆவி இதே அடுக்கைத் தாண்டி வெளியே வர வேண்டும். அடுக்கு தடிக்கத் தடிக்க இரண்டுக்கும் தடை கூடும். இரு பக்கமும் வெப்பம் பெறும் தட்டையான துண்டுக்கு:

```
t = x² ρ (M1 − M2) λ / [8 k (Ts − Ti)]
```

x தடிமன், ρ உலர் அடுக்கின் அடர்த்தி, M1, M2 உலர் அடிப்படையில் தொடக்க, இறுதி ஈரப்பதம், λ பதங்கமாதல் வெப்பம், k உலர் அடுக்கின் வெப்பக் கடத்துத்திறன், Ts மேற்பரப்பு வெப்பநிலை, Ti பனி முகப்பின் வெப்பநிலை.

எடுத்துக்காட்டாக, 78% ஈரமுள்ள இறால் துண்டு: x = 0.01 மீ, ρ = 230 கிகி/மீ³, M1 − M2 = 3.5, k = 0.05 வா/மீ.கெ, Ts = 40°C, Ti = −20°C என எடுத்துக்கொண்டால், t சுமார் 9,500 விநாடி, அதாவது 2 மணி 40 நிமிடம். தடிமன் 20 மி.மீ ஆனால் நான்கு மடங்கு, பத்தரை மணி நேரத்துக்கும் மேல்.

இந்த இருபடித் தொடர்பைச் செய்முறை வகுப்பில் நேரில் பார்த்தோம். காசிமேட்டில் வாங்கிய இறாலை வேகவைத்து, சிறியதையும் பெரியதையும் ஒரே தட்டில் கலந்து வைத்து, ஒரே நேரத்தில் வெளியே எடுத்தோம். சிறியவை விரலால் அழுத்தினால் பொரி மாதிரி நொறுங்கின. பெரியதை நடுவில் ஒடித்தபோது உள்ளே சில்லென்று ஒரு பனிக்கரு இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உருகி, சுற்றியிருந்த உலர்ந்த சதையை நனைத்துச் சுருக்கிவிட்டது. ஒரே அளவாகத் தரம் பிரிக்காதது எங்கள் தவறு.

மூன்றாவது இரண்டாம்நிலை உலர்த்தல். பனி தீர்ந்த பிறகும் புரதத்தோடும் சர்க்கரையோடும் பிணைந்த நீர் மிஞ்சியிருக்கும். அது உறையாத நீர், ஆகவே இங்கே நடப்பது பதங்கமாதல் அல்ல, பரப்பிலிருந்து விடுபடுதல். இப்போது பொருளின் வெப்பநிலையை 30 முதல் 60°C வரை படிப்படியாக உயர்த்தி, ஈரத்தை 2–3 சதவீதத்துக்குக் கொண்டுவரலாம். கட்டம் முடிந்ததை அறிய, சேம்பருக்கும் கண்டென்சருக்கும் இடையிலான வால்வைச் சற்று நேரம் மூடிப் பார்ப்பார்கள். அழுத்தம் விறுவிறுவென ஏறினால் ஈரம் இன்னும் இருக்கிறது.

தரத்தின் மீதான விளைவு

வெயிலில் காயும் இறால் கருவாட்டில் திரவ நீர் உள்ளிருந்து மேற்பரப்புக்கு நகர்கிறது. போகும்போது உப்பையும் கரைபொருளையும் கூடவே இழுத்து வருகிறது, சதை சுருங்கி இறுகுகிறது. எவ்வளவு ஊறவைத்தாலும் பழைய மென்மை திரும்பாது. உறை உலர்த்தலில் நீர் நகர்வதே இல்லை. பனி இருந்த இடத்திலேயே ஆவியாகிறது. வடிவமும் பருமனும் ஏறக்குறைய அப்படியே நிற்கின்றன. வெந்நீரில் போட்டால் துளைகள் வழியே நீர் சட்டென ஏறும். எங்கள் சிறு இறால் சில நிமிடங்களில் மெத்தென்று ஆனது.

வெப்பம் குறைவு, ஆக்சிஜனும் குறைவு என்பதால் வைட்டமின் சி, நிறம், சுவை நன்றாகத் தங்குகின்றன. வெற்றிடத்தில் மணம் முதலில் பறந்துவிடும் என்றுதான் தோன்றும், ஆனால் பெரும்பகுதி தங்குகிறது. கரைசல் செறிவடையும்போது பெரிய மண மூலக்கூறுகளால் நகர முடிவதில்லை, சிறிய நீர் மூலக்கூறு மட்டும் தப்பி வெளியேறுகிறது. உறை உலர்த்திய காபித்தூளின் வாசனைக்கு இது காரணம்.

ஆனால் அவசரப்பட்டுச் சூடேற்றினால் எல்லாம் போச்சு. பனி முகப்பு சரிவு வெப்பநிலையைத் தாண்டினால், படிகங்களுக்கு இடையிலுள்ள செறிந்த கரைசல் இளகி வழிந்து துளைகளை அடைத்துவிடும். காபிச் சாறுக்கு இது சுமார் −20°C, ஆரஞ்சுச் சாறுக்கு சுமார் −24°C. சரிந்த பொருள் பிசினாகும், மணம் இழக்கும், நீரில் சரியாகக் கரையாது. ஆகவே உலர்த்தும் வேகத்துக்கு மேல்வரம்பு வைப்பது பெரும்பாலும் பொருள்தான், இயந்திரத்தின் திறன் அல்ல.

நன்மை தரும் துளைகளே குறையும் தருகின்றன. உள்பரப்பு அதிகம் என்பதால் கொழுப்பும் கரோட்டினாய்டும் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். இறாலின் இளஞ்சிவப்பு வெளுப்பது இதனால்தான். துண்டுகள் எளிதில் நொறுங்கும். நுண்ணுயிர்களும் முழுதாகச் சாவதில்லை. தயிர் உறைமோர்க் கிருமிகளை உயிரோடு பாதுகாப்பதே இம்முறையில்தான். எனவே இறாலை முன்கூட்டியே வேகவைப்பது அவசியம்.

கடைசியாகச் சென்னைக் காற்று. எங்கள் தட்டை ஐப்பசி மழைநாளில் மேசைமேல் திறந்து வைத்துவிட்டு எடை போடப் போனோம். திரும்பி வருவதற்குள் மொறுமொறுப்பு போய் இறால் சவசவத்துவிட்டது. வெற்றிடத்தை ஈரக்காற்றால் உடைக்காமல் உலர் நைட்ரஜனால் உடைத்து, ஈரம் நீக்கிய அறையிலேயே அலுமினியத் தாள் உறையில் நைட்ரஜன் நிரப்பி உடனே சீல் வைக்க வேண்டும்.